வயிற்றில் நீர் கோத்ததும் கேட்க வேண்டிய கேள்வி

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை என்ற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் ஐ.சி.யூ. வாசலில்தான் முதன்முதலாக எழுகிறது. நோயாளி உள்ளே நினைவு தப்பிக் கிடப்பார். வெளியே நிற்கும் மனைவியிடமும் பிள்ளைகளிடமும், “உங்க வீட்டுல யாராவது லிவர் கொடுக்க முடியுமா? சீக்கிரம் சொல்லுங்க” என்பார்கள். எலிபேஸ்ட் தின்றவர்கள், திடீர்க் காமாலையில் சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழந்தவர்கள் விஷயத்தில் இந்த அவசரத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் நாள்பட்ட சிரோசிஸ் உள்ளவர்கள் அப்படி இல்லை. அவர்களுக்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓரிரு வருடங்கள்கூடக் கையில் இருந்திருக்கும். அந்தக் காலம் எப்படி வீணாகிறது, வீணாக்காமல் இருந்தால் என்ன செய்யலாம் என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்தே பார்ப்போம். இது புரிந்துகொள்வதற்காக அமைத்த மாதிரிக் குடும்பம். எண்கள் மட்டும் இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமாகக் காணப்படுபவை.

அப்பாவுக்கு வயது 54. மதுப் பழக்கம் கிடையாது. 15 வருடச் சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து சிரோசிஸில் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. ரத்த வகை ஓ. மூன்று மாதங்களாக வேட்டி இறுக்கமாகிக்கொண்டே வந்தது. கால் வீங்கியது. ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருப்பது தெரிந்தது.

சிரோசிஸ் நோயாளியின் வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கும் கோடு இதுதான். கல்லீரல் சுருங்கியிருந்தாலும் தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் பலர் பத்து வருடங்களுக்கு மேலும் நன்றாக இருக்கிறார்கள். வயிற்றில் நீர், ரத்த வாந்தி, மனக்குழப்பத்தோடு கூடிய மயக்கம், மஞ்சள் காமாலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு பாதிப் பேருக்குச் சுமார் இரண்டு வருடங்கள்தான் கிடைக்கின்றன. நீரை மாத்திரையில் வற்ற வைக்கலாம், ஊசி போட்டு எடுக்கலாம், ரத்தக்குழாய்க்கு எண்டோஸ்கோபி வழியே பேண்ட் போடலாம். உடம்பு தேறிவிட்டது போலவும் தோன்றும். ஆனால் இவை எதுவும் கல்லீரலைச் சரிசெய்வதில்லை. ஆகவே இந்த அறிகுறிகளில் முதலாவது வந்த உடனேயே நோயாளியை ஒரு மாற்று சிகிச்சை மையத்தில் காட்ட வேண்டும். காட்டுவதால் உடனே அறுவை சிகிச்சை செய்துவிடப் போவதில்லை.

நம் ஊரில் இந்தக் கட்டத்தில்தான் காலம் கரைகிறது. கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்பார்கள். பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து தருகிறார்கள் என்று போவார்கள். சில வைரஸ் காமாலைகள் தானாகவே குணமாகிவிடும். அப்படிக் குணமானவர்களின் பெயரைச் சொல்லித்தான் அந்த மருந்துகள் புகழ் பெற்றிருக்கின்றன. சிரோசிஸ் தானாகக் குணமாவதில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகள் மீதமிருக்கும் கல்லீரலையும் கெடுக்கக்கூடும்.

எப்போது பட்டியல்?

நம் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவில் பிலிருபின் 2.6, ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.6, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் 1.0 என்று இருந்தது. இந்த மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் 6 முதல் 40 வரை ஓர் எண் கிடைக்கும். அதற்கு மெல்ட் ஸ்கோர் என்று பெயர். அடுத்த மூன்று மாதங்களில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று அது மதிப்பிடுகிறது. இவருக்கு 15 வந்தது. ரத்தத்தில் சோடியம் குறைவது நோய் முற்றுவதன் அடையாளம் என்பதால் அதையும் சேர்த்துக் கணக்கிடுவது உண்டு. இவருடைய சோடியம் 132. அதையும் சேர்த்தால் ஸ்கோர் 19.

15 என்பது முக்கியமான எண். அதற்குக் கீழே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, நோயால் வரும் ஆபத்தைவிட அறுவை சிகிச்சையின் ஆபத்து அதிகம். 15-ஐத் தாண்டியபின் மாற்றுக் கல்லீரலால் கிடைக்கும் நன்மை மேலோங்குகிறது. அதனால் அந்த இடத்தில் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். எல்லாவற்றையும் இந்த எண் சொல்லிவிடாது. ஸ்கோர் 12 இருப்பவருக்கு வாராவாரம் வயிற்றிலிருந்து நீர் எடுக்க வேண்டியிருக்கலாம், அடிக்கடி மயக்கம் வரலாம், கல்லீரலில் கட்டி தோன்றியிருக்கலாம். அவர்களும் பரிசீலிக்கப்பட வேண்டியவர்கள். புற்றுக்கட்டி ஒன்று மட்டும் இருந்து அது 5 செ.மீ.க்குள் அடங்கினால், அல்லது மூன்று கட்டிகள் வரை இருந்து ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருந்தால், ரத்தக்குழாய்க்குள்ளோ வெளியுறுப்புகளுக்கோ பரவாமலும் இருந்தால், மாற்று சிகிச்சையால் நல்ல பலன் கிடைக்கிறது. 1996-ல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக நிற்கிறது.

மெல்ட் எண் நிதானமாக ஏறும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து. வயிற்றில் கோத்திருக்கும் நீரில் கிருமி தொற்றினால் லேசான காய்ச்சலும் வயிற்று வலியும்தான் முதலில் தெரியும். சில நேரம் அதுவும் தெரியாது, ஆள் சற்றுக் குழப்பமாகப் பேசுவார், அவ்வளவுதான். அதோடு சிறுநீரகம் தளரும். நம் அப்பாவுக்கு இப்படி ஒரு தொற்று வந்து பிலிருபின் 4, ஐ.என்.ஆர். 1.9, கிரியாட்டினின் 2.4 ஆனால், சோடியத்தைச் சேர்க்காமலே அதே சூத்திரம் 27 என்று காட்டும். 15-லிருந்து 27-க்குப் போக ஒரு வாரம் போதும். அதனால் வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மையத்தில் நோயாளியை மதிப்பிட ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது அநேகமாக முன்பே தெரிந்த விஷயம். அவர்கள் அதிகம் தேடுவது மற்ற உறுப்புகளில். எக்கோவும் இதயத்துக்கான மற்றச் சோதனைகளும் செய்வார்கள், ஏனென்றால் சர்க்கரை நோயாளியின் இதயம் பத்து மணி நேர அறுவை சிகிச்சையைத் தாங்க வேண்டும். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் அறுவை சிகிச்சை மேஜையிலேயே உயிர் போகக்கூடும். சி.டி. ஸ்கேனில் கட்டி இருக்கிறதா, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய காசநோய், சொத்தைப் பல், வேறு புற்றுநோய் என்று ஒளிந்திருப்பவை எல்லாவற்றையும் தேடுவார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பதால், இவை அப்போது தலைதூக்கும்.

மனநல மருத்துவரும் பேசுவார். மதுவால் கல்லீரல் கெட்டவர்களிடம் பல மையங்கள் ஆறு மாதம் குடிக்காமல் இருக்கச் சொல்கின்றன. தண்டனையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குடியை நிறுத்தியதும் சிலருடைய கல்லீரல் மாற்றுச் சிகிச்சையே தேவைப்படாத அளவுக்குத் தேறிவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் அந்த அவகாசம். ஆறு மாதம் தாங்காத நிலையில் இருப்பவர்களுக்குச் சில மையங்கள் விதியைத் தளர்த்துவதும் உண்டு. குடும்பத்தார் அந்த அறையில் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே மறைத்த விஷயம் புதிய கல்லீரலைத்தான் கெடுக்கும்.

மதிப்பீடு முடிந்ததும் மருத்துவமனையே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில், அதாவது டிரான்ஸ்டானில், நோயாளியைப் பதிவு செய்யும். மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் அந்தப் பட்டியல் வழியாகத்தான் வரும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பதிவு செய்துவிட்டு, குடும்பத்தில் கொடையாளர் இருக்கிறாரா என்று பார்ப்பதையும் கூடவே தொடங்குகிறார்கள். ஒன்றுக்காக மற்றதை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் நடக்கும் ஒரு பெரிய தவறு பத்தியம். பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சியும் இளநீருமாகக் கொடுப்பார்கள். சிரோசிஸ் நோயாளியின் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்கிறது. அவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. குறைக்க வேண்டியது உப்பைத்தான். இரவு படுக்கப்போகும் முன் ஒரு சிற்றுண்டி அவசியம். தசை கரைந்து எழுந்து நடக்க முடியாத நிலைக்குப் போனவருக்கு, கல்லீரல் கிடைத்தாலும் பிழைப்பது கடினமாகிறது.

வீட்டில் யார் கொடுக்கலாம்?

1998-ல் இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சையில் பிழைத்தது காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை. டெல்லியில் நடந்த அந்த அறுவை சிகிச்சையில் தன் கல்லீரலின் ஒரு துண்டைக் கொடுத்தவர் குழந்தையின் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டராகிவிட்டார். சிறு குழந்தைக்குக் கொடுக்கும்போது பெரியவரின் கல்லீரலில் இடது ஓரத்திலிருந்து சிறு பகுதி போதும். பெரியவருக்குப் பெரியவர் கொடுக்கும்போது பெரும்பாலும் வலது பக்கம் முழுவதும், அதாவது அறுபது சதவீதத்துக்கும் மேல் தேவைப்படுகிறது. ஆபத்தும் அதற்கேற்ப மாறுகிறது.

நம் அப்பாவுக்காக நான்கு பேர் முன்வந்தார்கள். மனைவிக்கு 49 வயது, ரத்த வகை பி. ஓ வகை நோயாளிக்கு ஓ வகைதான் சேரும் என்பதால் அவர் முதல் நாளே விலக வேண்டியதாயிற்று. பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் கல்லீரலுக்குத் தடையில்லை. வகை சேராவிட்டாலும் சிறப்பு மருந்துகள் கொடுத்துச் செய்யும் வழி உண்டு, ஆனால் செலவும் தொற்று அபாயமும் கூடும். இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு கொடையாளரை மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

இரண்டாவதாக வந்தவர் மாப்பிள்ளை. “மாமா எனக்கு அப்பா மாதிரி, நான் தர்றேன்” என்றார். அவருடைய அன்பைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை. ஆனால் 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011-ல் அதில் செய்த திருத்தமும் நெருங்கிய உறவு என்று சொல்வது கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரை மட்டும்தான். மாப்பிள்ளையும் மருமகளும், சித்தப்பா பிள்ளையும் அத்தை மகனும் அதில் வரமாட்டார்கள். அவர்கள் கொடுக்க வேண்டுமானால் அங்கீகாரக் குழுவின் முன் ஆஜராகி, பணம் கைமாறவில்லை என்று நிரூபித்து அனுமதி பெற வேண்டும். நெருங்கிய உறவினர்களுக்கும் ஆதாரங்கள், உறவைக் காட்டும் சான்றிதழ்கள், வீடியோவில் பதிவாகும் நேர்காணல் என்று நடைமுறை உண்டு. பெயரில் ஓர் எழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருந்து, அதனாலேயே நாட்கள் போகும். கொடையாளர் பரிசோதனை தொடங்கும் நாளிலேயே இந்தக் காகிதங்களையும் எடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது மகள். 26 வயது, ஓ வகை, ஒல்லியான உடம்பு, கல்லீரலில் கொழுப்பு துளியும் இல்லை. எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். சி.டி. ஸ்கேன் வேறு கதை சொன்னது. ஸ்கேனை வைத்துக் கணினியில் கல்லீரலின் கனஅளவைக் கணக்கிடுவார்கள். மகளின் முழுக் கல்லீரல் 1,020 மி.லி. அதில் வலப்பக்கம் 735, இடப்பக்கம் 285. இங்கே இரண்டு எல்லைகளைப் பார்க்க வேண்டும். பெறுபவருக்கு அவருடைய எடையில் 0.8 சதவீதமாவது கல்லீரல் வேண்டும். வயிற்று நீரைக் கழித்து அப்பாவின் எடை 62 கிலோ, எனவே குறைந்தது 496 கிராம். கொடுப்பவரிடம் அவருடைய கல்லீரலில் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும், பல மையங்கள் 35 கேட்கின்றன. மகளின் வலப்பக்கத்தை எடுத்தால் அவளிடம் மிஞ்சுவது 28 சதவீதம். இடப்பக்கத்தை எடுத்தால் அப்பாவுக்குப் போதாது. மகள் அழுதாள். ஆனால் இந்த இடத்தில் எந்த நல்ல மருத்துவரும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லமாட்டார். ஆரோக்கியமான ஒருவரை நோயாளியாக்கி இன்னொருவரைப் பிழைக்க வைப்பதை யாரும் ஏற்பதில்லை.

கடைசியாக மகன். 29 வயது, ஓ வகை, 170 செ.மீ. உயரம், 88 கிலோ. சி.டி. படத்தில் சாதாரணமாகக் கல்லீரல் மண்ணீரலைவிடச் சற்று வெளிறித் தெரியும். மகனுடையது மண்ணீரலைவிடக் கறுத்திருந்தது. கொழுப்புப் படிந்திருப்பதன் அடையாளம் அது. கொழுப்பேறிய கல்லீரல் பெறுபவரின் உடம்பில் சரியாக வேலை தொடங்காது, கொடுப்பவரின் உடம்பில் மிஞ்சும் பகுதியும் சரியாக வளராது. ஆனால் இந்தக் குறை மட்டும் திருத்தக்கூடியது. உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்தபடி சோற்றையும் இனிப்பையும் குறைத்து, மதுவை அறவே தவிர்த்து, தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து ஒன்பது வாரத்தில் அவன் 10 கிலோ குறைத்தான். மறுபடி எடுத்த ஸ்கேனில் கொழுப்பு வடிந்திருந்தது. முழுக் கல்லீரல் 1,400 மி.லி., வலப்பக்கம் 890, அவனிடம் மிஞ்சுவது 510, அதாவது 36 சதவீதம். இரண்டு எல்லைகளும் தேறின.

அந்த ஒன்பது வாரத்தை அப்பா தாங்கினார், ஏனென்றால் அவர் 15-ல் வந்திருந்தார். 27-ல் வந்திருந்தால் மகன் எடை குறைக்க நேரம் இருந்திருக்காது.

கொடுப்பவரின் தனி அறை

கொடையாளரை மதிப்பிடுவதில் ஸ்கேன்களுக்கு இணையான இன்னொரு கட்டம் உண்டு. நோயாளியின் மருத்துவக் குழுவில் இல்லாத ஒருவர் கொடையாளரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். “வீட்டுல யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? நீங்க வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” என்று கேட்பார். நம் குடும்பங்களில் வாய்விட்டுக் கேட்காமலேயே பாரம் ஏற்றிவிட முடியும். அத்தை ஒருத்தி “பெத்த கடன்” என்று பெருமூச்சு விட்டாலே போதும். உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் நம் நாட்டில் பெண்களே அதிகம். அதனால்தான் கொடையாளர் பெண்ணாக இருந்தால் அவருடைய அடையாளத்தையும் சுயசம்மதத்தையும் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014-ம் ஆண்டு விதிகள் தனியாகவே சொல்கின்றன.

கொடையாளர்கள் கண்டிப்பாக அறிய வேண்டியது இது: மயக்க மருந்து கொடுக்கும் கணம் வரைக்கும் மனம் மாறலாம். வேண்டாம் என்று அந்தத் தனி அறையில் சொன்னால், ‘மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை’ என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லிவிடுவார்கள். காரணம் வெளியே போகாது. இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலேயே பயத்தை விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கக் கூடாது.

ஆபத்தையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். வலது பக்கம் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை உயிரிழப்பதாக உலக அனுபவம் கூறுகிறது. இடது பக்கத்துக்கு அது ஆயிரத்துக்கு ஒருவர் அளவில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத சிக்கல்கள் இதைவிட மிக அதிகம். பித்தநீர் கசிந்து வயிற்றில் சேரலாம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், புண்ணில் சீழ் வைக்கலாம், பின்னாளில் தையல் வழியே குடலிறக்கம் வரலாம். திறந்த அறுவை சிகிச்சையாக இருந்தால் நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி வலப்பக்கம் திரும்பும் நீண்ட தழும்பு இருக்கும். வலப்பக்கக் கொடையில் பித்தப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பலருக்கு இது முன்கூட்டியே தெரிவதில்லை. பித்தப்பை இல்லாமல் வாழ்வதில் பெரிய தொல்லை கிடையாது, ஆனாலும் எடுத்ததை அறுவை சிகிச்சைக்குப் பின் தெரிந்துகொள்வது நியாயமில்லை.

கல்லீரல் மறுபடி வளர்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெட்டிய பக்கம் முளைப்பதில்லை. மிஞ்சிய பகுதி பெருத்து, மூன்று மாதத்தில் பழைய அளவுக்கு அருகே வந்துவிடுகிறது. ஆயுள் முழுக்க மாத்திரை தேவையில்லை. இரண்டாம் முறை கொடுக்க முடியாது. மருத்துவமனையில் ஒரு வாரம், அதன்பின் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறிலிருந்து எட்டு வாரம், மூட்டை தூக்குவது போன்ற வேலைக்கு மூன்று மாதமாவது ஆகும். கொடுப்பவர் தினக்கூலியாகவோ ஓட்டுநராகவோ இருந்தால், அந்த மூன்று மாதச் சம்பளத்தையும் சிகிச்சைச் செலவோடு சேர்த்து முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கல்லீரல் மாற்றுச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் செய்யப்படுகிறது. ஆனால் கொடையாளர் இழக்கும் கூலியைக் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும், புகைபிடிப்பவர்கள் அதையும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டின் கண்கள் எல்லாம் நோயாளி மேலேயே இருக்கும். அவருடைய மாத்திரை நேரம், அவருடைய ரத்தப் பரிசோதனை, அவருக்குத் தொற்று வரக்கூடாதே என்ற கவலை. கொடுத்தவர் பக்கத்து அறையில் வலியோடு எழுந்து தானே தண்ணீர் எடுத்துக் குடிப்பார், ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்பார், தன் மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுவார். காய்ச்சல், கண் மஞ்சளாதல், வலது விலாவுக்குக் கீழே கூடிவரும் வலி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதல் வருடத்தில் அவருக்குக் குறித்துக் கொடுத்த மறுபரிசோதனைத் தேதிகளையும் நோயாளியின் தேதிகளுக்குப் பக்கத்திலேயே காலண்டரில் எழுதிவையுங்கள், கூடவே ஒருவர் போய்வாருங்கள்.